கூட்டுக் காப்புரிமை என்றால் கொஞ்சம் பொறுங்கள்

கேள்வி: நாங்கள் மூன்று மாணவிகள். இறுதியாண்டு புராஜெக்டாக, நெல்லின் ஈரப்பதம் காட்டும் கையடக்கக் கருவி ஒன்றைக் கல்லூரி ஆய்வகத்தில் செய்தோம். கும்பகோணம் பக்கத்து நிறுவனம் ஒன்று அதைத் தயாரித்து விற்க முன்வந்திருக்கிறது. “காப்புரிமை கூட்டாக இருக்கட்டும், லாபத்தில் பாதி உங்களுக்கு” என்கிறார்கள். முன்மொழிவை எப்படி எழுதுவது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காப்புரிமைச் சட்டத்தின் 50ஆம் பிரிவைப் பாருங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் கண்டுபிடிப்பைத் தாமே தயாரித்து விற்கலாம். மற்றவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் வேறொருவருக்கு உரிமம் தர எல்லோருடைய சம்மதமும் வேண்டும். நிறுவனத்திடம் தொழிற்சாலை இருக்கிறது, உங்களிடம் இல்லை. ஆகவே அவர்கள் விற்பார்கள். நீங்களோ அவர்கள் சம்மதமின்றி இன்னொருவரிடம் போக முடியாது. உரிமை உங்கள் பக்கமே இருக்கட்டும், நிறுவனத்துக்கு உரிமம் மட்டும் என்று எழுதுங்கள்.

“உங்கள் பக்கம்” என்பதில் கல்லூரியும் உண்டு. ஒன்றிய அரசின் 2019ஆம் ஆண்டு மாணவர் ஸ்டார்ட்அப் கொள்கைப்படி, பாடத்திட்டத்தின் பகுதியாக உருவானது மாணவருக்கும் கல்லூரிக்கும் பொது. அது வழிகாட்டுதல்தான், உங்கள் கல்லூரி அதை ஏற்றிருக்கிறதா என்று கேளுங்கள். நாளை உங்களில் ஒருவர் வெளிநாடு போய்விட்டால், ஒரு கையெழுத்துக்காக உரிமமே தொங்கும். அதனால் மூவரும் உரிமையைக் கல்லூரிக்கு எழுத்து மூலம் மாற்றிக்கொடுத்து, பதிலுக்கு ராயல்டிப் பங்கையும், உரிமம் யாருக்கு என்பதில் உங்கள் சொல்லையும் அதே ஆவணத்தில் வாங்கிவிடுவது நல்லது.

லாபத்தில் பாதி வேண்டாம். லாபம் என்பது கணக்கு எழுதுபவர் கையில் இருக்கிறது. விளம்பரம், சம்பளம் எல்லாம் கழிந்தபின் பாதி எவ்வளவு? ஜிஎஸ்டி நீங்கலான விற்பனை விலையில் சதவீதம் கேளுங்கள். உதாரணமாக, 6,000 ரூபாய்க் கருவிக்கு 4 சதவீதம் என்றால் 240 ரூபாய். ஆண்டுக்கு 500 விற்றால் 1,20,000. அதில் மூவருக்கும் சேர்த்துப் பாதி, வழிகாட்டிப் பேராசிரியருக்கு 20 சதவீதம், மீதி கல்லூரிக்கு என்று பிரிக்கலாம். கூடவே ஆண்டுக் குறைந்தபட்சத் தொகை ஒன்றும் வேண்டும். நிறுவனத்துக்குத் தனியுரிமம் தருவதானால், இரண்டு ஆண்டு அந்தத் தொகை வராவிட்டால் அது பிறருக்கும் தரக்கூடிய உரிமமாகிவிடும் என்று எழுதுங்கள். இல்லையென்றால் கருவியை அலமாரியில் பூட்டி வைத்தாலும் கேட்க வழியில்லை.

கருவியைச் சோதிக்கும் காலமாகக் குறுவை அறுவடையை எழுதுங்கள். மழையில் நனைந்த நெல்லில்தான் கருவி தடுமாறும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம்தான் வழக்கமான வரம்பு. அந்த எல்லையை ஒட்டிய மாதிரிகளை அடுப்பில் உலர்த்திக் கிடைக்கும் அளவோடு ஒப்பிட வேண்டும். எவ்வளவு வித்தியாசம் வரை தேர்ச்சி என்பதை முன்னதாகவே எழுதிவிடுங்கள். முதல் தவணைப் பணம் அந்தத் தேர்ச்சியோடு சேர்ந்து வரட்டும்.

கருவியின் உள்ளமைப்பை ரகசிய ஒப்பந்தமின்றி இன்னும் யாருக்கும் காட்டவில்லையே? காட்டும் முன் தற்காலிக விண்ணப்பத்தைப் போடுங்கள். முழு விவரணத்துக்கு அதிலிருந்து 12 மாதம் இருக்கிறது.