சகிப்பின் எல்லை

நுழையும்முன்

மாற்றுக் கருத்தைப் பொறுத்துக்கொள்வது விடுதலைச் சமூகத்தின் அடிப்படைப் பண்பு. அப்பண்பையே அழிக்க முனையும் கருத்தையும் அச்சமூகம் பொறுத்துக்கொள்ள வேண்டுமா? இவ்வினாவிற்கு ஒரு மெய்யியல் அறிஞரும் ஒரு நாட்டின் அரசியலமைப்பும் அளித்த விடைகளை இப்பாடம் ஆராய்கிறது.

பாப்பரின் விளக்கம்

வியன்னாவில் பிறந்த கார்ல் பாப்பர், நாசிகளின் அச்சுறுத்தல் வளர்ந்த காலத்தில், 1937இல் நியூசிலாந்துக்குச் சென்றார். அவர் 1945இல் வெளியிட்ட 'திறந்த சமூகமும் அதன் எதிரிகளும்' என்னும் நூலின் குறிப்பொன்றில் இம்முரணை விளக்கினார். எல்லையற்ற சகிப்பு, இறுதியில் சகிப்பையே அழித்துவிடும் என்பது அவர் கருத்து.

ஆயினும், வெறுப்புக் கருத்துகள் அனைத்தையும் தடைசெய்ய வேண்டும் என்று அவர் கூறவில்லை. வாதத்தாலும் பொதுமக்கள் கருத்தாலும் எதிர்கொள்ள இயலும்வரை அவற்றைத் தடைசெய்வது அறிவுடைமையாகாது என்றார். வாதத்திற்கே இடந்தராமல், அதற்கு மறுமொழியாக வன்முறையைக் கற்பிப்போரைத் தடுக்கும் உரிமையையே அவர் வலியுறுத்தினார்.

ஜெர்மனி கற்ற பாடம்

1933 மார்ச் 23 அன்று ஜெர்மானிய நாடாளுமன்றம், சட்டமியற்றும் அதிகாரத்தை இட்லரின் அரசுக்கு வழங்கியது. பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர்கள் அவைக்கு வர இயலாதவாறு தடுக்கப்பட்டிருந்தனர். நாசிப் படையினர் அவையினுள்ளே நின்றனர். சட்டத்தை ஆதரித்து 444 வாக்குகளும் எதிர்த்து 94 வாக்குகளும் பதிவாயின. சில மாதங்களில் நாசிக் கட்சியைத் தவிர வேறு கட்சி எதுவும் அங்கு இல்லாமற்போயிற்று.

இப்பட்டறிவால் 1949ஆம் ஆண்டின் மேற்கு ஜெர்மானிய அடிப்படைச் சட்டம், மக்களாட்சி ஒழுங்கைத் தகர்க்க முனையும் கட்சியைத் தடைசெய்ய வழிவகுத்தது. அதனை முடிவுசெய்யும் அதிகாரம் ஆளுங்கட்சியிடம் இல்லை. கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றத்திடமே உள்ளது. எதிர்ப்போரை ஒடுக்கும் கருவியாக ஆட்சியாளர் தடையைப் பயன்படுத்திவிடாதிருக்க இது காப்பாகும்.

அந்நீதிமன்றம் 1952இல் நாசிக் கொள்கையைத் தொடர்ந்த ஒரு கட்சியையும், 1956இல் பொதுவுடைமைக் கட்சியையும் தடைசெய்தது. தடைசெய்யப்படும் கட்சிக்கு வெற்றிவாய்ப்பு இருக்கவேண்டியதில்லை என்று அப்போது கருதியது. 2017இல் தேசிய சனநாயகக் கட்சியின் வழக்கில் இந்நிலைப்பாடு மாறியது. அக்கட்சியின் நோக்கம் அரசியலமைப்புக்குப் பகையானது என்று உறுதிசெய்த நீதிமன்றம், நோக்கத்தை நிறைவேற்றும் ஆற்றல் அதற்கு இருப்பதற்கான வலுவான அறிகுறிகள் இல்லை என்று கூறித் தடையை மறுத்தது. 2024இல் அக்கட்சிக்கு ஆறு ஆண்டுகளுக்கு அரசு நிதியுதவி மறுக்கப்பட்டது. பொறுத்தலுக்கும் தடைக்கும் இடைப்பட்ட வழி இது.

எஞ்சும் வினா

2017இன் அளவுகோல் கருத்தை அன்றி, அதனால் விளையும் தீங்கின் வாய்ப்பையே எடைபோடுகிறது. ஆனால், அவ்வாய்ப்பைக் கணிப்பது எளிதன்று. 1928 தேர்தலில் நாசிக் கட்சி பெற்றது 2.6 விழுக்காடு வாக்குகளே; 1932 சூலையில் அது 37.3 விழுக்காடாயிற்று. முந்திய தடை, வாதத்தால் வெல்லத்தக்க எதிரியின் வாயை அடைக்கும். பிந்திய தடையோ, தடுக்கும் ஆற்றல் கைநழுவிய பின்னரே வரும்.