கணக்கர் வராத 18ஆம் தேதி

பங்குதாரர் இருவர் நடத்தும் ஓர் இரும்பு உதிரிபாகப் பட்டறையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இருபத்து நான்கு தொழிலாளர்கள் பணியாற்றுகின்றனர். வங்கியில் ரொக்கக் கடன் கணக்கு உண்டு. ஜி.எஸ்.டி. படிவங்களை மாதந்தோறும் தாக்கல் செய்யும் நிறுவனம் அது. பல ஆண்டுகளாக ஒரே கணக்கர், ஒருமுறையும் தவறியதில்லை. ஒரு மாதம் 18ஆம் தேதி அவர் அவசர அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்கிறார். GSTR-3B படிவத்திற்கு 20ஆம் தேதியே கடைசி நாள். இணையதளத்தின் கடவுச்சொல் பங்குதாரரின் குறிப்பேட்டில் இருக்கிறது. ஆனால் தாக்கலை உறுதிசெய்யும் ஒருமுறைக் கடவுச்சொல் கணக்கரின் கைப்பேசிக்குச் செல்கிறது.

தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய். ரொக்கமாகச் செலுத்தவேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி. இவ்வளவோடு நின்றால் தாங்கிக்கொள்ளலாம். தொடர்ந்து இரு மாதப் படிவங்கள் நின்றுபோனால் மின்வழிச் சீட்டு எடுக்கும் வசதி முடக்கப்படும். பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு அச்சீட்டின்றிப் பட்டறையை விட்டு நகர இயலாது.

இத்தகைய பணிகளை முன்கூட்டியே கண்டறிய எளிய வழி, தங்கள் வங்கிக் கணக்கு அறிக்கையே. ஓராண்டுக்குரிய அறிக்கையை எடுத்து, ஒவ்வொரு வகைப் பற்றுக்கும் எதிரே மூன்று விவரங்களைக் குறிக்கவேண்டும்: இதைத் தொடங்கியவர் யார், ஒருமுறைக் கடவுச்சொல் எந்த எண்ணுக்கு வந்தது, தொகையை எதைக்கொண்டு கணக்கிட்டனர். மூன்றிற்கும் ஒருவர் பெயரே விடையாக வரும் வரிகளைச் சிவப்பு மையால் குறிக்கலாம். ஒரு மாத அறிக்கை போதாது. சரக்குக் காப்பீட்டுத் தவணை போன்றவை ஆண்டுக்கு ஒருமுறையே தலைகாட்டும்.

கணக்கு அறிக்கையில் தோன்றாத பணிகளும் உள. ரொக்கக் கடனுக்காக வங்கியில் அளிக்கும் சரக்கிருப்பு அறிக்கை அவற்றுள் ஒன்று. மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட பழைய அறிக்கையை ஆதாரமாகக் கொண்டு எடுக்கப்பட்ட தொகை ஒழுங்கற்றதாகக் கருதப்படும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அவ்வறிக்கையைத் தயாரிப்பவர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் அதே கணக்கரின் பெயரே விடையாக வரும். அவரைக் குறைகூறுவதற்கில்லை, வேறொருவர் அருகே அமர்ந்து பார்க்க முன்வந்ததில்லை.

கண்டறிந்தபின் படிப்படியாக எழுதி வைப்பது முதல் வேலை. ஆயினும் எழுத்தில் வராத பகுதியே நுட்பமானது. எங்கள் எடுத்துக்காட்டுக் கணக்கர் எழுதித் தந்த குறிப்பில், ‘உள்ளீட்டு வரி வரவைக் கோருக’ என்று ஒரு வரி இருந்ததாகக் கொள்வோம். புதியவர் கொள்முதல் பதிவேட்டிலுள்ள எல்லாப் பட்டியல்களின் வரியையும் கூட்டி எழுதிவிடுவார். கணக்கரோ அவ்வாறு செய்வதில்லை. 14ஆம் தேதி வெளிவரும் GSTR-2B அறிக்கையோடு பதிவேட்டை ஒப்பிட்டு, அதில் இடம்பெறாத பட்டியல்களை ஒதுக்கி வைப்பார். பொருள் வழங்குவோருள் ஒருவர் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர். அவருடைய பட்டியல்கள் பின்னரே வெளிப்படும் என்பதும் கணக்கருக்குப் பழக்கம். பழக்கமாகிவிட்டதாலேயே அதைக் குறிப்பில் எழுதவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஆகவே குறிப்பை எழுதியவரே விளக்கிக் காட்டுவதைவிட, கற்பவர் குறிப்பைப் பார்த்துச் செய்ய, கணக்கர் அருகிருந்து பார்ப்பது நன்று. கற்பவர் தயங்கி நிற்கும் இடத்தில் ஒரு வரி சேர்க்கப்படவேண்டும். அடுத்த மாதம், GSTR-2B வெளியான மறுநாளான 15ஆம் தேதி, கணக்கரைத் தொலைபேசியில் அழைக்காமலே கற்பவர் படிவத்தைத் தயாரிக்கட்டும். தவறு நேர்ந்தாலும் திருத்த ஐந்து நாள் இருக்கும். 19ஆம் தேதி இச்சோதனையைத் தொடங்கினால், பொறுமையிழந்து கணக்கரையே அழைத்துவிடுவோம்.

அறிவைப் பகிர்வது என்றால் கடவுச்சொல்லைப் பகிர்வது என்று பொருளன்று. நிறுவனங்களுக்கான இணைய வங்கிச் சேவையில் பரிவர்த்தனையைப் பதிவுசெய்பவருக்கும் ஒப்புதல் அளிப்பவருக்கும் தனித்தனிப் பயனர் பெயர்கள் உண்டு. பதிவுசெய்ய மற்றொருவரையும், ஒப்புதல் அளிக்க இரண்டாம் பங்குதாரரையும் சேர்க்குமாறு கிளையில் விண்ணப்பிக்கலாம். இரு பயனர் பெயர்களையும் கணக்கரே வைத்திருப்பது, பட்டறையின் இரு சாவிகளையும் ஒரே கொக்கியில் மாட்டுவது போன்றது.

ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பதிவான கைப்பேசி எண் பங்குதாரருடையதாக இருத்தல் வேண்டும். கணக்கர் பணியிலிருக்கும்போதே இதை மாற்றிக்கொள்வது எளிது. பழைய எண்ணுக்கு வரும் செய்தியை அவர் படித்துச் சொல்லிவிடுவார். அவரை அணுக இயலாத நிலையில், உரிய ஆவணங்களுடன் தங்கள் பகுதி வரி அலுவலரிடம் விண்ணப்பித்து எண்ணை மாற்றவேண்டியிருக்கும். அதற்குச் சில நாள்கள் ஆகலாம். படிவத்தின் கடைசி நாள் அதற்காகத் தள்ளிப்போவதில்லை.