யார் பேசுவது: முதலாளியா, கம்பெனியா?

திருவண்ணாமலை செங்கம் சாலைப் பக்கம் பத்து அறை கொண்ட ஒரு சின்ன விடுதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடத்துகிறவர் சில வருடங்களாகத் தன் சொந்த ஃபேஸ்புக் கணக்கில் எழுதிவருகிறார். பௌர்ணமியன்று எத்தனை மணிக்குக் கிளம்பினால் 14 கிலோமீட்டரையும் நெரிசல் இல்லாமல் சுற்றி வரலாம், வயதானவர்களைக் கூட்டி வந்தால் எந்த லிங்கத்தருகே உட்கார வைத்து இளைப்பாறலாம் என்றெல்லாம் எழுதுவார். இவற்றைப் படித்தவர்கள்தான் போன் செய்து அறை கேட்கிறார்கள். விடுதியின் பெயரில் ஒரு ஃபேஸ்புக் பக்கமும் இருக்கிறது. அதில் பொங்கல் வாழ்த்தும் தீபாவளி வாழ்த்தும் மட்டும் வருகின்றன.

இப்படிப்பட்ட ஒருவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பக்கத்தை மூடிடலாமா, இல்ல நான் எழுதுறதை எல்லாம் பக்கத்துக்கே கொண்டுபோயிடலாமா?"

இரண்டும் வேண்டாம் என்பேன். குரல் முதலாளியுடையதாகவே இருக்கட்டும். ஆனால் வாடிக்கையாளர் நாளைக்குத் தேடி வரக்கூடிய எதுவும், அதாவது வாடகை, போன் நம்பர், அறை பதிவு, ரத்து விதி, விமர்சனங்கள், அவர் பெயரில் இருக்கக் கூடாது. அவை விடுதியின் பெயரில் இருக்க வேண்டும்.

ஏன் குரல் அவருடையதாக இருக்க வேண்டும்? முதல் காரணம் கண்ணில் படுவது. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் தன் ஓடையை மாற்றியமைத்தது. நண்பர்களும் உறவினரும் எழுதுவதற்கு முன்னுரிமை தருவோம், நிறுவனப் பக்கங்களின் பதிவுகள் குறைவாகத் தெரியும் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. அன்றிலிருந்து காசு கொடுத்து விளம்பரம் செய்யாத சின்னப் பக்கம் ஒன்று எழுதுவது, அதைப் பின்தொடர்பவர்களிலேயே பலருக்குத் தெரிவதில்லை. அதே வரியை ஒரு மனிதர் தன் பெயரில் எழுதினால் படிக்கிறார்கள், பதில் போடுகிறார்கள்.

இரண்டாவது காரணம் நம்பிக்கை. இதற்கு 2024 டிசம்பரை நினைத்துப் பார்த்தால் போதும். ஃபெஞ்சல் புயல் மழையில் டிசம்பர் 1ஆம் தேதி மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்துபோனார்கள். பன்னிரண்டு நாளில் கார்த்திகை தீபம். வெளியூரில் அறை போட்டு வைத்திருந்தவர்களுக்கு இருந்த கேள்விகள் எளிமையானவை: வரலாமா, கிரிவலப் பாதை எப்படி இருக்கிறது, மலையேற விடுவார்களா? இப்படி ஒரு வாரத்தில் விடுதிப் பக்கம் "எங்கள் மதிப்புமிக்க விருந்தினர்களுக்கு" என்று தொடங்கினால் யாரும் இரண்டாவது வரிக்குப் போக மாட்டார்கள். அதே ஊரில் குடியிருக்கும் ஒருவர், காலையில் தானே நடந்து பார்த்த பாதையைப் பற்றி, இந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது, இந்த வருடம் மலையேற அனுமதியில்லை, பெரியவர்களைக் கூட்டி வராதீர்கள் என்று தன் பெயரில் எழுதினால் அது செல்லும். தன் வியாபாரத்துக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தும் வர வேண்டாம் என்று சொல்கிறவரை ஜனங்கள் மறப்பதில்லை.

ஆனால் அந்த வாரத்தில் வந்திருக்கக்கூடிய அடுத்த கேள்வியையும் யோசியுங்கள்: "நான் வரலை, முன்பணம் திரும்ப வருமா?" இதற்கு முதலாளி தன் கணக்கில் பதில் சொல்லத் தொடங்கினால் ஒருவருக்கு முழுப் பணம், இன்னொருவருக்குப் பாதி, மூன்றாமவருக்கு "அடுத்த முறை வாங்க பார்த்துக்கலாம்" என்று போகும். கேட்டவர்கள் எல்லாரும் அந்தப் பின்னூட்டங்களைப் படித்துக்கொண்டிருப்பார்கள். எத்தனை நாளைக்கு முன் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பது விடுதிப் பக்கத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்க வேண்டும். முதலாளி அந்தப் பதிவின் இணைப்பை மட்டும் கொடுத்தால் போதும்.

சொந்தக் கணக்கு தாங்காது என்பதை முதலில் காட்டிக் கொடுப்பது 5000 என்ற எண். ஃபேஸ்புக்கில் ஒரு ஆளுக்கு நண்பர்கள் அதற்கு மேல் கிடையாது. விடுதிக்காரருக்கு அந்த எண்ணிக்கை நிரம்பியதும் புதிதாக வருகிறவர் பின்தொடரத்தான் முடியும், அதற்கும் அவர் பதிவுகளைப் பொதுவில் வைத்திருக்க வேண்டும். அடுத்தது பௌர்ணமி இரவு. மெசஞ்சரில் "ரூம் இருக்கா சார்" என்று வந்து விழுகிறது. போன் முதலாளியின் சட்டைப் பையில், அவர் வேலூரில் ஒரு கல்யாணத்தில். வரவேற்பில் இருக்கும் பையனுக்கு அறை காலியாக இருப்பது தெரியும், ஆனால் கேள்வி அவன் கண்ணுக்கு வராது. இதைச் சமாளிக்கச் சிலர் தங்கள் கடவுச்சொல்லையே அந்தப் பையனிடம் கொடுத்துவிடுகிறார்கள். குடும்பப் படங்கள், சொந்தக்காரர்களின் செய்திகள் எல்லாம் சேர்ந்து போகின்றன.

இன்னொரு வழக்கம் நம் ஊர்களில் நிறைய. விடுதியின் பெயரையே ஆள் பெயராகப் போட்டு ஒரு சொந்தக் கணக்கு திறப்பது. சொந்தக் கணக்கு மனிதருக்கு மட்டும்தான் என்பது ஃபேஸ்புக்கின் விதி. என்றைக்காவது ஒருநாள் யாராவது புகார் செய்தால் கணக்கு முடங்கும், அதிலிருந்த தொடர்புகளும் போகும்.

கருத்துச் சிக்கலும் உண்டு. இது கோயில் ஊர். கிரிவலப் பாதைக் கட்டடங்கள், ஆக்கிரமிப்பு, மரம் வெட்டுவது, தேர்தல் என்று எதைப் பற்றியும் ஊர்க்காரருக்குக் கருத்து இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் அவர் கணக்குதான் விடுதியின் ஒரே வாய் என்றால், அவர் கருத்துக்கு வரும் கோபம் கூகுளில் விடுதிக்கு ஒற்றை நட்சத்திரமாக வந்து இறங்கும். விடுதிக்கென்று தனி இடம் இருந்தால் கோபம் முழுவதும் நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன். அறை பதிவு செய்ய வந்தவர் அந்தச் சண்டையைத் தாண்டி வர வேண்டிய அவசியம் இருக்காது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சேதம் பிரியும்போது வருகிறது. அமெரிக்காவில் ஹேலி பெய்ஜ் கட்மன் என்ற திருமண உடை வடிவமைப்பாளர் 2011இல் ஜேஎல்எம் கூட்யூர் என்ற நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த வருடம் தன் பெயரில் இன்ஸ்டாகிராம் கணக்கு திறந்தார். அதில் கம்பெனியின் உடைகளும் இருந்தன, அவருடைய சொந்த வாழ்க்கையும் இருந்தது. பின்தொடர்பவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சு முறிந்ததும் அவர் கடவுச்சொல்லை மாற்றினார், கம்பெனி 2020இல் வழக்குப் போட்டது. கீழ்கோர்ட் கணக்கை இடைக்காலமாகக் கம்பெனியிடம் கொடுத்தது. 2024 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது தப்பு என்றது. கணக்கை முதலில் திறந்தவர் யார், அந்த உரிமை பிறகு யாருக்காவது எழுதிக் கொடுக்கப்பட்டதா என்று, மற்ற சொத்துக்குப் பார்ப்பது போலத்தான் இதற்கும் பார்க்க வேண்டும் என்றது. தீர்ப்பு சரியான திசையில்தான் போனது. ஆனால் அதற்குள் மூன்று வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அந்தத் தீர்ப்பு இந்தியாவைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அண்ணன் தம்பி சேர்ந்தோ இரண்டு நண்பர்கள் சேர்ந்தோ விடுதி நடத்தும்போது அதே கேள்விதான் வரும். பங்குதாரர் பத்திரத்தில் கட்டில், மெத்தை, ஜெனரேட்டர் வரை எழுதுகிறோம். விடுதியின் ஃபேஸ்புக் பக்கம், கூகுள் பதிவு, வாட்ஸப் நம்பர் ஆகியவை நிறுவனத்துக்குச் சொந்தம், அண்ணனின் சொந்தக் கணக்கு அண்ணனுக்கே சொந்தம் என்று இரண்டு வரி சேர்ப்பதற்கு வக்கீல் கூடுதலாக ஒன்றும் கேட்க மாட்டார்.

இனி, பிரித்து வைப்பது எப்படி. கூகுள் மேப்ஸிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் பேருந்தில் வரும்போதே அறை தேடுகிறவர் முதலாளி பெயரைத் தேடுவதில்லை, ஊர் பெயரோடு லாட்ஜ் என்றுதான் தேடுகிறார். பெயர்ப் பலகையில் என்ன பெயரோ அதே பெயரில் விடுதியைப் பதிவு செய்து, விடுதிக்கென்று திறந்த ஜிமெயிலை முதன்மை உரிமையாளராக வையுங்கள். வரவேற்பில் இருப்பவரை மேலாளராகச் சேர்த்தால் அவர் விமர்சனங்களுக்குப் பதில் எழுதலாம். புதிதாகச் சேர்த்தவருக்கு முதல் ஏழு நாள் சில அதிகாரங்கள் வராது. அதனால் தீபத்துக்கு முந்தின வாரம் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

அடுத்து ஃபேஸ்புக் பக்கம். பக்கம் தானாக நிற்பதில்லை, யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கு வழியாகத்தான் அதற்குள் போக முடியும். அந்த ஒருவரின் கணக்கு திருடுபோனாலோ முடங்கினாலோ பக்கமும் கைவிட்டுப் போகும். எனவே குடும்பத்தில் இன்னொருவருக்கு முழுக் கட்டுப்பாடு கொடுங்கள். ஊழியருக்கு செய்திகளுக்குப் பதில் எழுதும் அதிகாரம் மட்டும் போதும், அதற்குக் கடவுச்சொல் தர வேண்டியதே இல்லை. பக்கத்தில் தினமும் எழுதிக் குவிக்க வேண்டாம். வாடகை, வரும் வழி, ரத்து விதி, அடுத்த பௌர்ணமித் தேதி சரியாக இருந்தால் அது தன் வேலையைச் செய்துவிடுகிறது.

போன் நம்பர் கடைசியாக, ஆனால் தள்ளிப்போட முடியாதது. முதலாளியின் சொந்த நம்பர் விசிட்டிங் கார்டிலும் பலகையிலும் ஏறிவிட்டால் பிறகு இறக்க முடியாது. நிறுவனத்தின் பெயரில் வேறு சிம் வாங்கி வாட்ஸப் பிசினஸ் போடுங்கள். அதை இன்னும் நான்கு கருவிகளில் இணைக்கலாம், வரவேற்பு மேசைக் கம்ப்யூட்டர் உட்பட. முதலாளி தன் பதிவுகளின் கடைசியில் தர வேண்டியது இந்த நம்பரைத்தான்.

இந்த ஏற்பாடு எல்லாத் தொழிலுக்கும் பொருந்தாது. யோகா சொல்லித் தருகிறவர், கிரிவலத்துக்கு வழிகாட்டியாக வருகிறவர் விற்பது தன்னையே. அவருக்குத் தனிப் பக்கம் வீண் வேலை, நல்ல சொந்தக் கணக்கும் ஒரு கூகுள் பதிவும் போதும். ஆரணிப் பட்டை மொத்தமாக எடுத்து அனுப்புகிறவரிடம் வாங்கும் கடைக்காரர் பில்லும் சரக்கும் சரியாக வருகிறதா என்று பார்ப்பாரே தவிர, முதலாளி எழுதுவதைப் படிக்க மாட்டார். அங்கே கம்பெனிப் பெயர்தான் பேச வேண்டும்.

உங்கள் தொழில் எந்தப் பக்கம் என்று ஊகிக்க வேண்டாம். அறைப் பதிவேட்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டு, இரண்டு பௌர்ணமிக்கு, போன் செய்கிற ஒவ்வொருவரிடமும் "எங்க பார்த்தீங்க?" என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். "அண்ணன் போட்டதைப் பார்த்தேன்" என்பது அதிகம் என்றால் குரலை மாற்றாதீர்கள், எழுதிக்கொண்டே இருங்கள். "மேப்ல பார்த்தேன்" என்பது அதிகம் என்றால் உங்கள் நேரம் போக வேண்டியது படங்களுக்கும் விமர்சனங்களுக்குப் பதில் எழுதுவதற்கும். மூன்றாவது பௌர்ணமிக்கு முதலாளி ஃபேஸ்புக்கைத் திறக்காமல் இருந்து பார்க்கட்டும். அன்றைக்கு எத்தனை பேர் கேள்வி கேட்டு பதில் கிடைக்காமல் நின்றார்கள் என்று மறுநாள் அவர் மெசஞ்சரைத் திறந்தால் தெரியும். அவர்களுக்கு இன்னும் விடுதியின் நம்பர் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.