மூன்று குளிசையில் நிறுத்தினால் என்ன?

கேள்வி: டொக்டர், என் அம்மாவுக்கு 58 வயது. தோலில் உணர்வில்லாத தேமல் வந்து தொழுநோய் என்று கண்டுபிடித்தார்கள். மாதாந்த அட்டை மருந்து ஒழுங்காகப் போட்டுவருகிறார். மூன்றாவது மாதம் முழங்கையில் நரம்பு வீங்கி, சின்னவிரல் விறைத்ததால் பிரெட்னிசொலோன் குளிசை தந்தார்கள். நாளுக்கு எட்டில் தொடங்கி, ஏழாவது வாரம் மூன்றுக்கு வந்தது. முகம் வீங்கி, சீனியும் ஏறியது. “ஸ்டீரொயிட் சிறுநீரகத்தைத் தின்றுவிடும்” என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் அம்மா தானாகவே நிறுத்திவிட்டார். நான்கு நாளாகிறது. இப்போது சோர்வு, சத்தி, எழும்பினால் தலைச்சுற்று. என் தம்பிக்கு இழுப்பு வந்தபோது இதே குளிசையை ஐந்து நாள் தந்து, ஒரேயடியாக நிறுத்தச் சொன்னார்கள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே?
— பெயர் வேண்டாம், செட்டிகுளம்

பதில்: இது அச்சில் வரும்வரை காத்திருக்கக்கூடிய கேள்வி அல்ல. கடிதம் கண்ட அன்றே தொலைபேசியில் உங்களுக்குச் சொன்னதை, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன். வாரக்கணக்கில் ஸ்டீரொயிட் போட்டு நிறுத்தியவருக்குச் சத்தியும் தலைச்சுற்றும் வந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மயக்கமாக இருந்தால் 1990ஐ அழையுங்கள். போனதும் முதலில் சொல்ல வேண்டிய வசனம்: “ஆறு வாரம் ஸ்டீரொயிட் போட்டவர், நான்கு நாளைக்கு முன் நிறுத்திவிட்டார்.” கிளினிக் கொப்பியும் கையில் இருக்கட்டும். இதைச் சொல்லாவிட்டால் சத்திக்கும் பிரஷர் குறைவுக்கும் வேறு காரணம் தேடி நேரம் போகும். சொன்னால் ஹைட்ரோகோட்டிசோன் ஊசியும் சேலைனும் உடனே ஏறும்.

இனி, ஏன் இப்படி ஆனது என்பதைப் பார்ப்போம். சிறுநீரகங்களுக்கு மேலே அதிரீனல் என்று இரண்டு சிறு சுரப்பிகள் உள்ளன. கோட்டிசோல் என்ற ஓமோனை அவை நாள்தோறும் சுரக்கின்றன. இரத்த அழுத்தம் விழாமலும், பசித்திருக்கையில் சீனி அளவுக்கு மேல் இறங்காமலும் காப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. காய்ச்சல், விபத்து, சத்திரசிகிச்சை என்று வந்தால் உடல் வழமையைவிடப் பல மடங்கு சுரக்கும். எவ்வளவு சுரக்க வேண்டும் என்று கட்டளையிடுவது மூளைக்கு அடியிலுள்ள கபச்சுரப்பி.

பிரெட்னிசொலோன் இந்தக் கோட்டிசோலின் வேலையைச் செய்யும் மருந்து. உடல் ஒரு நாளைக்குச் சுரப்பது, ஏறத்தாழ 5 மில்லிகிராம் குளிசை ஒன்றுக்குச் சமம். அம்மா எட்டுப் போட்டார். தேவைக்கு எட்டு மடங்கு இரத்தத்தில் ஓடுவதைக் கண்ட கபச்சுரப்பி கட்டளையை நிறுத்திவிடும். வேலையில்லாத அதிரீனலின் கோட்டிசோல் சுரக்கும் பகுதி வாரங்கள் செல்லச் செல்லச் சுருங்கும். இப்படி இருக்கையில் குளிசையைச் சட்டென நிறுத்தினால் வெளியிலிருந்தும் வரவில்லை, உள்ளேயும் சுரக்கவில்லை என்ற நிலை. உங்கள் அம்மாவுக்கு வந்த சோர்வும் சத்தியும் தலைச்சுற்றும் அதன் அடையாளங்களே. இந்தச் சமயத்தில் ஒரு காய்ச்சலோ வயிற்றோட்டமோ சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

வைத்தியர்களும் இதை இழப்பின் மூலமே கற்றார்கள். 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மூட்டுவாத நோயாளி ஒருவருக்குக் கோட்டிசோன் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. 1950இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. 1952இல் ஒரு மரணம் பதிவானது. மாதக்கணக்கில் கோட்டிசோன் எடுத்த மூட்டுவாத நோயாளிக்குச் சத்திரசிகிச்சைக்கு முன் மருந்தை நிறுத்தியிருந்தார்கள். சிகிச்சைக்குப் பின் இரத்த அழுத்தம் விழுந்தது, மீட்க முடியவில்லை. பிரேதப் பரிசோதனையில் அதிரீனல்கள் சுருங்கிக் கிடந்தன.

தம்பியின் விஷயத்துக்கு வருவோம். மூன்று வாரத்துக்குக் குறைந்த காலம் போட்டால், பொதுவாக அதிரீனல் அந்த அளவுக்குத் தூங்கிப்போவதில்லை. ஆகவே இழுப்புக்கு ஐந்து நாள் தந்ததை அப்படியே நிறுத்தலாம். அடிக்கடி இழுப்பு வந்து வருடத்தில் பலமுறை இப்படிப் போடுபவருக்கு மட்டும் கணக்கு வேறு. அமெரிக்காவில் உறவினர் உள்ளவர்கள் ஆறு நாள் அட்டை ஒன்றைக் கண்டிருப்பீர்கள். 4 மில்லிகிராம் மெதைல்பிரெட்னிசொலோன், மொத்தம் 21 குளிசை, முதல் நாள் ஆறு, கடைசி நாள் ஒன்று. படிப்படியாக இறங்கினாலும் அது அதிரீனலை எழுப்புவதற்கான இறக்கம் அல்ல. ஆறே நாளில் அது தூங்குவதும் இல்லை. அதைப் பார்த்து உங்கள் அம்மாவின் குளிசையையும் ஆறு நாளில் இறக்கிவிடலாம் என்று யாரும் யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

அம்மாவின் குளிசையைப் படிப்படியாக இறக்குவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று அதிரீனல். மற்றது நரம்பு. அவருக்கு வந்தது தொழுநோய் கூடியதால் வந்த வீக்கம் அல்ல. நரம்புக்குள் இருக்கும் கிருமிகளையும் செத்த கிருமிகளின் எச்சத்தையும் உடலின் எதிர்ப்புச் சக்தி தாக்குவதால் வரும் அழற்சி. அட்டை மருந்து கிருமியைக் கொல்லும், இந்த அழற்சியை அடக்காது. அதை அடக்குவது ஸ்டீரொயிட். அடங்குமுன் விட்டால் நரம்பு திரும்ப வீங்கி, விரல் மடங்கியபடி நின்றுவிடக்கூடும். முழங்கையின் உட்பக்கம் நோவு, சின்னவிரலைப் பக்கவாட்டில் விரிக்க முடியாமை, பழைய தேமல் சிவந்து தடிப்பது ஆகியவை நரம்புப் பக்கத்துச் செய்தி. சத்தி, தலைச்சுற்று, சோர்வு அதிரீனல் பக்கத்துச் செய்தி. நான்கு நாளில் இரண்டும் ஒன்றாக வரலாம்.

உலக சுகாதார நிறுவனம் இதற்கு வகுத்த பழைய ஒழுங்கு 12 வாரம். இரண்டு வாரத்துக்கு ஒரு படியாக, நாளுக்கு எட்டு, ஆறு, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. இப்போது 20 வாரம் வரை கொடுப்பதும் உண்டு. உங்கள் அம்மாவின் மூன்று இந்த ஏணியின் நான்காம் படி. கவனியுங்கள், மேலே எட்டிலிருந்து ஆறுக்கு ஒரேயடியாக இரண்டு குளிசை குறைகிறது, கீழே ஒவ்வொன்றாகத்தான். நாலைந்து குளிசை உள்ளவரை உடலின் சொந்தத் தேவைக்கு மேல்தான் இருக்கிறோம். ஒன்றை நெருங்கும்போதுதான் கபச்சுரப்பி குறைவை உணர்ந்து கட்டளையிடத் தொடங்கும். ஆனால் வீட்டில் நடப்பது வேறு. முதல் நான்கு வாரத்துக்கு 196 குளிசை வந்த கடதாசி உறையில் கடைசி நான்கு வாரத்துக்கு 42தான் வரும். “இனி இதில் என்ன இருக்கிறது” என்று விட்டுவிடுவது அங்கேதான்.

முகவீக்கம் அளவு இறங்க இறங்கத் தானாக வடியும். சீனிக்குச் சீனி மருந்தைக் கூட்ட வேண்டும், ஸ்டீரொயிட்டை வெட்டக்கூடாது. காலையில் போடும் பிரெட்னிசொலோன் பின்னேரச் சீனியைத்தான் அதிகம் ஏற்றும், ஆகவே வெறும்வயிற்றில் பார்த்த ஒரு எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஸ்டீரொயிட்டால் சிறுநீரகம் பழுதாகும் என்பது தவறான கதை. சில சிறுநீரக நோய்களுக்கு இதையேதான் கொடுக்கிறோம்.

ஒரு நாள் காலை மறந்தால் அன்றே நினைவு வந்ததும் போடலாம், மறுநாள் இரண்டு நாளுக்கானதைச் சேர்த்துப் போடக்கூடாது. அம்மாவைப் போல நாட்கள் விட்டவர் எட்டிலிருந்து தொடங்குவதா, மூன்றிலிருந்தா என்று வீட்டில் முடிவெடுக்க வேண்டாம். நரம்பைப் பரிசோதித்துத்தான் அதைச் சொல்லமுடியும்.

படிகள் முடிந்த பிறகும் அதிரீனல் முழுதாகத் தேற மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம் செல்லும். அந்தக் காலத்தில் கடுங்காய்ச்சல் வந்தாலோ, பல் பிடுங்கப் போனாலோ, சத்திரசிகிச்சை என்றாலோ, “ஸ்டீரொயிட் போட்டிருந்தேன்” என்று அம்மா வாய்திறந்து சொல்ல வேண்டும். எந்த வருத்தத்துக்குப் போட்டார் என்பதை எல்லோர் முன்னும் சொல்லக் கூச்சமென்றால், குளிசையின் பெயரையும் நிறுத்திய திகதியையும் எழுதி டொக்டர் கையில் கொடுக்கலாம்.