சொல்லில் இல்லாத பொருள்

செட்டிநாட்டின் பெயர்பெற்ற ஊர்களுள் ஒன்று காரைக்குடி. பழைய மனைகளிலிருந்து விலைக்கு வந்த பர்மாத் தேக்குக் கதவுகளும், பீங்கான் சாடிகளும், வெண்கலப் பாத்திரங்களும் நிறைந்த கடைகள் அவ்வூரில் உண்டு. அத்தகைய கடை ஒன்றிற்கு அயல்நாட்டு மாணவர் ஒருவர் வந்தார் எனக் கொள்க. அவர் நூல்களின் துணைகொண்டே தமிழ் பயின்றவர். அகராதியையும் இலக்கண நூலையும் என்றும் பிரியாதவர். அங்கிருந்த கதவு ஒன்றின் செதுக்கு வேலையில் அவர் உள்ளம் ஈடுபட்டது. கையிலிருந்த பணமோ பாதி விலைக்கும் போதவில்லை. “மீதியை அடுத்த மாதம் தருகிறேன். உங்கள் முதலாளி கடனுக்குக் கொடுப்பாரா?” என்று கடைச் சிப்பந்தியை வினவினார். சிப்பந்தி நகைத்து, “எங்கள் முதலாளியாவது, கடனுக்குக் கொடுப்பதாவது!” என்றார்.

மாணவர் விடுதிக்குத் திரும்பி இலக்கண நூலைப் புரட்டினார். ‘நீயாவது வா’ என்றால், பிறர் வாராவிடினும் நீ ஒருவனேனும் வருக என்பது பொருள் என்று அதில் கண்டார். ஆகவே, வேறு எவர் கொடாவிடினும் இம்முதலாளியேனும் கொடுப்பார் என்றும், வேறு சலுகை இல்லையெனினும் கடனுக்குக் கொடுப்பதேனும் உண்டு என்றும் முடிவு செய்தார். நண்பர் ஒருவரிடம் கைமாற்று வாங்க எண்ணியிருந்தவர், அந்த எண்ணத்தையும் விட்டார். மறுநாள் வண்டியுடன் சென்றபோது கதவு அங்கே இல்லை. முதல்நாள் மாலையிலேயே ரொக்கம் கொடுத்த வேறொருவர் அதனைக் கொண்டு போயிருந்தார்.

மாணவர் செய்த பிழைதான் யாது? சொற்களுக்கு அகராதி கூறிய பொருளில் தவறில்லை. இலக்கண நூல் கூறிய விதியிலும் தவறில்லை. ஆயினும் அவர் அடைந்த பொருள், சிப்பந்தி கூறிய பொருளுக்கு நேர்மாறானது. ‘ஒருபோதும் கொடுக்கமாட்டார்’ என்பதே சிப்பந்தியின் விடை. அத்தொடரில் ‘இல்லை’ என்ற சொல் இல்லை. ‘மாட்டார்’ என்ற சொல்லும் இல்லை. எதிர்மறையைக் காட்டும் விகுதி ஒன்றேனும் இல்லை. எந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தாலும் மறுப்பு அகப்படாது. பெயரோடு ஓர் ‘ஆவது’, தொழிற்பெயரோடு மற்றோர் ‘ஆவது’, பின்னர் முற்றுவினை இன்றியே தொடர் முடிதல் என்னும் அந்த அமைப்பு முழுவதுமே மறுப்பைத் தாங்கி நிற்கிறது.

இரண்டு ‘ஆவது’ வந்தால் மறுப்பு என்று எண்ணிவிடுவதும் பொருந்தாது. ‘இன்றாவது நாளையாவது கொடுப்பார்’ என்னும் தொடரிலும் அச்சொல் இருமுறை வருகிறது. ஆனால் அங்கே பொருள் ‘இரண்டில் ஒரு நாள்’ என்பதாகும். ‘கொடுப்பார்’ என்னும் முற்றுவினை இறுதியில் நிற்பதைக் காண்க. அம்முற்றுவினை நீங்கி, அதன் இடத்தில் ‘கொடுப்பதாவது’ என்று தொழிற்பெயர் நின்றால் பொருள் தலைகீழாகிறது. ஆவது என்னும் ஒரு சொல்லே மூன்று அமைப்புகளில் மூன்று பொருளுக்கு இடந்தருகிறது. தமிழ்க் குழந்தை இவ்விதியை எவரிடமும் பாடமாகக் கேட்பதில்லை. ‘அண்ணனாவது, சீக்கிரம் எழுந்திருப்பதாவது!’ என்று வீட்டில் பலமுறை கேட்டு, அமைப்பையும் பொருளையும் ஒருசேர மனத்தில் பதித்துக்கொள்கிறது.

மொழியை இவ்வாறு நோக்கும் ஆராய்ச்சிக்குத் தொடரமைப்பு இலக்கணம் என்று பெயர் கூறலாம். சொற்களை அகராதியில் தொகுத்து, அவற்றைச் சேர்க்கும் விதிகளை இலக்கணத்தில் வகுத்துவிட்டால் மொழி முழுவதும் அடங்கிவிடும் என்பது அறிஞர் பலர் கொண்டிருந்த கருத்து. மரபுத்தொடர்கள் அதற்கு அடங்கா; ஆதலின் அவற்றைச் சிறு விலக்குகளாகக் கருதி அகராதியின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தனர். அமெரிக்க நாட்டு மொழியறிஞர் சார்லஸ் ஃபில்மோர், பால் கே, மேரி கேதரின் ஓகானர் என்னும் மூவரும் 1988ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டு, இவ்வாறு ஒதுக்குவது இயலாது என்று காட்டினர். அவர்கள் எடுத்துக்கொண்டது ‘லெட் அலோன்’ என்னும் ஆங்கிலத் தொடர். சொற்களைப் பிரித்தால் ‘விடு’, ‘தனியே’ என்ற பொருள்களே கிடைக்கும். ‘பத்து ரூபாயே கொடுக்கமாட்டான்; நூறு ரூபாய் எங்கே கொடுக்கப் போகிறான்!’ என்று தமிழர் கூறும் கருத்தை ஆங்கிலேயர் அத்தொடரால் கூறுவர்.

அத்தொடரின் இருபுறத்திலும் எண்ணற்ற சொற்களை மாற்றி மாற்றி வைக்கலாம். ஆகவே அதனை அகராதியில் ஒரு சொல்லைப்போல் எழுதி முடித்துவிட இயலாது. பொது விதிகளிலிருந்தும் அதன் பொருள் பிறப்பதில்லை. காரைக்குடிச் சிப்பந்தியின் விடையும் அத்தகையதே. ‘முதலாளி’ இருந்த இடத்தில் எந்தப் பெயரையும் வைக்கலாம்; ‘கொடுப்பது’ இருந்த இடத்தில் எந்தத் தொழிற்பெயரையும் வைக்கலாம். சட்டம் நிலையானது, அதில் பொருந்தும் பலகைகள் மாறுவன. ‘கடனாவது கிடனாவது!’ என்பதும் இதனை ஒட்டிய மற்றொரு சட்டம். நேற்று வழக்கிற்கு வந்த சொல்லையும் அது ஏற்கும், ‘கணினியாவது கிணினியாவது!’ என்று பாட்டிமார் கூறக் கேட்கலாம்.

சில தொடர்களில் இடம் இவ்வளவு தாராளமாக இல்லை. கடன் வாங்கியவன் ஊரைவிட்டு மறைந்தால் ‘கம்பி நீட்டினான்’ என்பர். காலமும் எண்ணும் மாறி, ‘கம்பி நீட்டுவான்’, ‘கம்பி நீட்டிவிட்டார்கள்’ என்று அது வரும். ஆனால் ‘கம்பியை நீட்டினான்’ என்று உருபு சேர்த்தால் இரும்புக் கம்பியே கண்முன் தோன்றும். ‘நீண்ட கம்பி நீட்டினான்’ என்று அடைமொழி சேர்ப்பாரும் இல்லை. இன்னும் வியப்பானது ‘கை கழுவுதல்’. ‘தம்பியைக் கை கழுவினான்’ என்றால் தம்பியைத் துறந்தான் என்பது பொருள். கழுவப்படும் பொருளாகக் ‘கை’ ஏற்கெனவே அங்கு இருக்கிறது. அவ்வாறாயின், ‘தம்பியை’ என்னும் செயப்படுபொருளை வேண்டி நிற்பது எது? ‘கழுவு’ என்னும் வினை அன்று. ‘கை கழுவு’ என்னும் முழுத்தொடரே அதனை வேண்டி நிற்கிறது. பொருளில் மட்டுமன்றி, வாக்கியத்தில் ஆற்றும் தொழிலிலும் அது தனியொரு சொல்லாகவே நடக்கிறது.

செட்டிநாட்டுக்கே உரிய வழக்கும் ஒன்று உண்டு. பர்மா, மலேயா முதலிய நாடுகளுக்குத் தொழில் நிமித்தம் சென்றவரைக் ‘கொண்டு விற்கப் போனார்’ என்று நகரத்தார் கூறுவர். சொற்படி பார்த்தால் சரக்கைக் கொண்டுபோய் விற்றல் என்றே பொருள்படும். அவ்வாறு சென்றவருள் பலர் அங்கே நடத்தியதோ வட்டிக்கடை. விற்பதற்கு மூட்டை ஒன்றும் இல்லாதபோதும் அத்தொடர் பொருந்தியது. கடல் கடந்து பொருளீட்டச் செல்லுதல் என்னும் பொருளோடு அது முழுத்தொடராகவே வழங்கியதே காரணம்.

ஆயினும் எல்லா மரபுத்தொடர்களும் இவ்வாறு பிரிக்க இயலாதன அல்ல. ‘ஏழைகளின் வயிற்றில் அடித்தான்’ என்னும் தொடரில் வயிறு பிழைப்பைக் குறிக்கிறது. அடித்தல் கெடுத்தலைக் குறிக்கிறது. பொருள் உறுப்புகளுக்குப் பகிர்ந்து கிடப்பதால் ‘பலர் வயிற்றில்’, ‘தொழிலாளர் வயிற்றில்’ என்று உரியவரை மாற்றலாம். ‘வயிற்றில் மீண்டும் ஓர் அடி’ என்று தொடரைக் குலைத்துக் கூறினும் கேட்பவர்க்குப் புரியும். ‘அவன் நீட்டியது கம்பி’ என்று குலைத்தால் ஓடிப்போனவன் நினைவுக்கு வாரான். ஒரு தொடர் எந்த அளவிற்கு இறுகியிருக்கிறது என்பதை அறிய ஆராய்ச்சியாளர் கையாளும் வழியும் இதுவே: உருபு சேர்த்துப் பார்ப்பர், அடைமொழி கொடுத்துப் பார்ப்பர், சொற்களை இடம் மாற்றிப் பார்ப்பர், பொருள் எந்த மாற்றத்தில் கலைகிறது என்று குறித்துக்கொள்வர்.