தாலி கட்டிய பின் எடுத்த படம்

காங்கேசன்துறையில் என் மூத்த பெறாமகளின் விவாகம் நிச்சயமானபோது, பூக்காரர் இருவர் காட்டிய படங்களுள் நீர்த்துளி மின்னிய ரோசா மாலையையும், வெண்மஞ்சள் பூக்கள் நிறைந்த மணவறைச் சோடனையையுமே நான் விரும்பித் தெரிந்தெடுத்தேன். ஆனால் முகூர்த்தம் வருமுன்னரே மாலையின் இதழ்கள் ஓரம் கருகிச் சுருள, பிள்ளையின் பிடரிப் பக்கத்தில் வெறும் நாரே தெரிந்தது கண்டு என் மனம் மிகவும் நொந்தது.

நீர்த்துளி புதுமைக்குச் சாட்சியன்று என்பதை அன்றுதான் அறிந்தேன். தண்ணீர் தெளித்தவுடன் நேற்றைய பூவும் மின்னும். ஆகையால் துளியை விடுத்து இதழின் ஓரத்தையே பெரிதாக்கிப் பார்த்தல் வேண்டும். மல்லிகையில் பழுப்பு முதலில் ஓரத்திலேயே படரும். ரோசாவில் வெளியிதழ் நிறம் கறுத்து மெலியும். மணவறையிற் செருகிய பூவானால், தண்டு நீரேற்க மாட்டாமல் தலை கவிழ்ந்திருக்கும்.

இளையவளின் விவாகத்துக்கு முன், படம் எந்நேரத்தில் எடுத்தது என்பதையே முதற்கேள்வியாக வைத்தேன். பூக்காரர் ஒருவர் காட்டியவை யாவும் கட்டி முடித்த கணத்தில் எடுத்தவை. மற்றவர், “ஐயா, இது தாலி கட்டி முடிஞ்சு, ஆசீர்வாதத்துக்கு நிக்கேக்கை எடுத்தது” என்று ஒரு படத்தை நீட்டினார். அதில் முல்லை மொட்டாக இல்லாமல் விரிந்திருந்தது, ஓரிரு இதழ் வாடியுமிருந்தது. எனினும் கடற்காற்று வீசும் நம்மூரில், பல மணி நேரம் தாங்கி நின்ற அம்மாலையே எனக்கு நம்பிக்கையளித்தது.

நிறைவை அறிய, இருவரின் படங்களிலும் மணமகனின் கையை அளவாகக் கொண்டு, முன்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குள் வரும் ரோசாக்களை எண்ணினேன். ஒன்றில் ஆறு, மற்றதில் நான்கே, இடைவெளியை இலை மறைத்திருந்தது. அருகே பிடித்துப் படமெடுத்தால் மெல்லிய மாலையும் தடித்துக் காணப்படுமாதலால், இவ்வாறு எண்ணுவதே சரியான வழி. மணவறைக்கு ஒரு பக்கவாட்டுப் படம் கேட்டு வாங்கினேன்; முன்னிருந்து பார்த்தால் மறைந்துவிடும் பச்சைப் பஞ்சும் கம்பியும் அங்கே வெளிப்பட்டுவிடும்.

வர்ணத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். மண்டபத்து மஞ்சள் விளக்கு வெண்பூவை வெண்மஞ்சளாக்கிவிடும். முதல் விவாகத்தில் நான் விரும்பிய நிறம் பூவினுடையதன்று, விளக்கினுடையது. ஆகவே இம்முறை, பூ இருந்த அதே படத்திலுள்ள மணமகனின் வெள்ளை வேட்டியைப் பார்த்தேன்: வேட்டியும் மஞ்சளாயிருந்தால் பூவின் நிறத்தை நம்பலாகாது. சிவப்பு ரோசாக்கள் இதழ்ப்பிரிவு தெரியாமல் ஒரே திட்டாகத் தோன்றினால், அதுவும் படக்கருவியின் குற்றமே. அவ்வகைப் படத்தைக் கொண்டு சிவப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும் வரிசையை மதிப்பிடவும் முடியாது. பகல் வெளிச்சத்தில் எடுத்த இன்னொன்றைக் கேட்டேன். பூக்காரர் மறுநாட் காலையிலேயே தம் முற்றத்தில் ஒரு மாலையைத் தொங்கவிட்டு எடுத்து அனுப்பினார்.