விட்டுப்போன வேலைகளுக்கு வேறு நாள் குறிக்க 9 குறிப்புகள்

பரவை மாதிரி ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரம் கிடையாது. காய்கறி மார்க்கெட்டுக்கு விடியுமுன்னே கிளம்புகிறவர் மதியம் படுத்துத் தூங்குவார். மதுரைக்குள் வேலைக்குப் போகிறவர் இருட்டிய பிறகுதான் வீடு வந்து சேருவார். இடையில் விருந்தாள், காய்ச்சல், கோயில் விசேஷம் எதுவும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆகவே காலண்டரில் எழுதிய வேலைகளில் சில விட்டுப்போவது இயல்பு. விட்டுப்போனதை எல்லாம் ஒரே மாதிரி அடுத்த நாளுக்கு இறக்கி எழுதிக்கொண்டே போவதில்தான் தொல்லை தொடங்குகிறது. பத்து நாளில் பட்டியலைப் பார்க்கவே மனம் கூசும். கூசினால் பார்க்க மாட்டோம். பார்க்காதபோது, அவசியம் கட்ட வேண்டிய பில்லும் சேர்ந்தே தவறிப்போகும். அதைத் தவிர்க்கும் வழி இது.

1. விட்டுப்போனதை மூன்று கணக்காகப் பிரியுங்கள்

முதலாவது கடன் கணக்கு. கரண்ட் பில், வீட்டு வரி, சீட்டுத் தவணை போன்றவை இதில் சேரும். ஒரு தடவை விட்டாலும் அது அப்படியே நிற்கும். இரண்டு தவணை விட்டால் இரண்டையும் கட்டியாக வேண்டும். இரண்டாவது முறைக் கணக்கு. வெள்ளிக்கிழமை வீடு கழுவுவது, ஞாயிற்றுக்கிழமை காய் வாங்குவது போன்றவை. போன முறை போனதுதான். அடுத்த முறை வந்தால் செய்வோம். மூன்றாவது இடைவெளிக் கணக்கு. தண்ணீர்த் தொட்டி கழுவுவது, மெத்தை உறை துவைப்பது போன்றவை. இவற்றுக்குக் கிழமையோ தேதியோ முக்கியமில்லை. கடைசியாகச் செய்து எத்தனை நாள் ஆயிற்று என்பதே கணக்கு. காலண்டரில் எழுதும்போதே ஓரத்தில் க, மு, இ என்று ஓர் எழுத்தைப் போட்டுவிடுங்கள். மனசில் ஏறும் பாரத்தில் பெரும்பகுதி, முறைக் கணக்கையும் இடைவெளிக் கணக்கையும் கடனாக நினைத்துச் சுமப்பதால் வருவது.

2. கடன் கணக்கில் கடைசி நாளை மட்டும் எழுதுங்கள்

“திங்கள்கிழமை கட்டிவிடலாம்” என்பது நம் ஆசை நாள். அது தவறினால் நட்டமில்லை; கடைசி நாள் தவறினால்தான் நட்டம். வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கணக்கெடுக்கிறார்கள். அந்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும். எல்.ஐ.சி. பிரீமியத்துக்கு, ஆண்டு, அரையாண்டு, காலாண்டுத் தவணை என்றால் 30 நாளும், மாதத் தவணை என்றால் 15 நாளும் சலுகைக் காலம் உண்டு. இவற்றைக் காலண்டரில் கடைசி நாளுக்கு ஐந்து நாள் முந்தைய கட்டத்தில் எழுதி, பக்கத்தில் கடைசி நாளையும் குறியுங்கள். ஆசை நாள் தவறியதற்கு எந்தக் குறிப்பும் வேண்டாம். அந்த ஐந்து நாளுக்குள் வந்துவிட்டால் மட்டும் மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் அதை முடித்துவிட வேண்டும்.

3. முறைக் கணக்கில் அடித்துவிடுங்கள், இரட்டிப்பாகச் செய்யாதீர்கள்

ஞாயிறு மார்க்கெட்டுக்குப் போக முடியவில்லை. அடுத்த ஞாயிறு இரண்டு வாரக் காயாக அள்ளி வந்தால் கத்தரிக்காய் சுருங்கும், கீரை அழுகும். விட்டுப்போன வாரம் திரும்பி வராது. இடையில் தெருவில் வரும் வண்டியில் இரண்டு நாளைக்கு வாங்கிச் சமாளித்துவிட்டு, அடுத்த ஞாயிறு வழக்கமான அளவே வாங்குங்கள். வெள்ளிக்கிழமை வீடு கழுவாமல் போனால் அந்த வரியை ஒரே கோடாக அடித்துவிடலாம். சனிக்கிழமைக்கு இறக்கி எழுதினால், சனிக்கிழமை வேலையும் சேர்ந்து தவறும். வெயிலை நம்பிய வேலைக்கும் இதே விதிதான். பங்குனி, சித்திரை வெயிலில் வத்தலும் வடகமும் போட முடியாமல் போய்விட்டால், மழைக்காலம் வரை அதைப் பட்டியலில் இழுத்துக்கொண்டு போவதில் பொருளில்லை. இந்த வருஷத்துக்குத் தேவையானதைக் கடையில் வாங்கிவிட்டு, புதுக் காலண்டர் வந்ததும் பங்குனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

4. இடைவெளிக் கணக்கில் செய்த நாளைப் பொருளின் மேலேயே எழுதுங்கள்

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாடித் தொட்டி கழுவுவது வழக்கம் என்று வையுங்கள். ஜனவரி 10-இல் கழுவ வேண்டியது, பிப்ரவரி 2-இல்தான் முடிந்தது. அடுத்தது ஏப்ரல் 10 அல்ல, மே 2. பழைய தேதியைப் பிடித்துக்கொண்டிருந்தால், கழுவி மூன்று மாதம் ஆகாத தொட்டிக்காக ஏப்ரலில் “இன்னும் கழுவவில்லையே” என்று வருத்தப்பட்டுக்கொண்டிருப்போம். மார்க்கர் பேனாவால் தொட்டி மூடியின் அடிப்பக்கம் தேதியை எழுதிவிட்டால் யாரும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. கேஸ் அடுப்பின் ரப்பர் குழாயில் தேதி அச்சடித்தே வருகிறது. அதை 5 ஆண்டுக்குள் மாற்ற வேண்டும். அதற்கு முன்னால் வெடிப்போ விறைப்போ தெரிந்தால் தேதியைப் பார்க்காமல் அப்போதே மாற்றிவிடுங்கள்.

5. முறை போலத் தெரியும் இடைவெளி வேலையைக் கவனியுங்கள்

குழாயில் தண்ணீர் வராத நாளுக்காக டிரம்மில் பிடித்து வைக்கும் வீடுகள் ஞாயிறுதோறும் டிரம்மைத் தேய்த்துக் கழுவும். கிழமை சொல்லிச் செய்வதால் இது முறைக் கணக்கு என்று தோன்றும். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து கொசுவாக வெளியேற ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஒரு ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு கழுவினால் இடைவெளி 14 நாள். அதற்குள் கொசு பறந்திருக்கும். ஆகவே டிரம்மை ஞாயிறு விட்டால் திங்கள் அல்லது செவ்வாய்க்குள் கழுவியாக வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். அந்த இடத்தைத் தேய்க்க வேண்டும். ஒரு வேலை எந்தக் கணக்கு என்று குழப்பம் வந்தால், “இதை ஒரு முறை முழுவதுமாக விட்டால் என்ன ஆகும்?” என்று கேளுங்கள். ஒன்றும் ஆகாது என்றால் முறை. ஏதாவது கெடும், வளரும் என்றால் இடைவெளி.

6. குழந்தையின் தடுப்பூசிக்கு இரண்டு கணக்கும் உண்டு

பென்டாவேலன்ட் தடுப்பூசி 6, 10, 14 வாரங்களில் போடப்படுகிறது. ஊருக்குப் போனதாலோ காய்ச்சலாலோ பத்தாவது வாரத்தில் போடவில்லை என்றால், சில தாய்மார் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமோ என்று பயந்து, திட்டு விழும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போகாமல் தள்ளிப்போடுகிறார்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட தவணையிலிருந்து தொடரலாம். அது கடன் என்பதால் விட முடியாது. ஆனால் அடுத்த தவணைக்குக் குறைந்தது 4 வார இடைவெளி வேண்டும் என்பதால் இரண்டையும் ஒரே நாளில் போட்டுத் தீர்க்கவும் முடியாது. அட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த தடுப்பூசி நாளிலேயே போய்விடுங்கள். புதிய தேதியைச் செவிலியரே அட்டையில் எழுதித் தருவார்.

7. “நாளைக்கு” என்று மாற்றாதீர்கள்

நாளைக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. அதன் தலையில் இன்றைய மிச்சத்தையும் ஏற்றினால் இரண்டும் தவறும். தவறிய வேலையை, அது தானாக நடக்கக்கூடிய நாளில் வையுங்கள். ரேஷன் கடைக்குப் போகும் நாளில் அதே தெருவில் இருக்கும் தையல் கடை வேலை. தண்ணீர் வரும் நாளில் தொட்டி வேலை. மார்க்கெட்டுக்குப் போகிறவர் பகலில் வீட்டில் இருக்கும் நாளில், ஏணி பிடிக்க ஆள் வேண்டிய மின்விசிறி துடைப்பு. ஒரு நாளுக்கு, நகர்த்திய வேலை ஒன்றுக்கு மேல் வேண்டாம். வீட்டில் இருப்பவரிடம் சொல்லும்போதும் நாளோடு சேர்த்துச் சொல்லுங்கள். “என்னங்க, தொட்டி இந்த வாரம் ஆகல. புதன்கிழமை நீங்க வீட்ல இருப்பீங்க, அன்னிக்கு வச்சுக்கிடுவோம்” என்றால் அது ஏற்பாடு. “தொட்டி இன்னும் கிடக்குது” என்றால் அது மனத்தாங்கல்.

8. மூன்றாவது தடவை நகர்ந்தால் வேலையையே மாற்றுங்கள்

மூன்று தடவை நாள் மாற்றியும் நடக்காத வேலைக்கு நான்காவது நாள் தேடாதீர்கள். அது ஒரு வேலையாக இல்லாமல் நாலு வேலையாக இருக்கலாம். “பரண் சுத்தம்” என்பதை “பரணில் இடது பக்கப் பெட்டி” என்று சுருக்கிப் பாருங்கள். செய்ய வேண்டியவர் வேறொருவராக இருக்கலாம். அப்போது அவர் பெயரை எழுதி, அவரிடமே நாள் கேளுங்கள். இடைவெளி தவறாக இருக்கலாம். மாதம் ஒரு தடவை என்று எழுதிய ஜன்னல் கம்பித் துடைப்பு எப்போதும் இரண்டு மாதத்தில்தான் நடக்கிறது, வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை என்றால், இரண்டு மாதம் என்றே மாற்றி எழுதுங்கள். கடன் கணக்குக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

9. பெரிய இடைவெளிக்குப் பிறகு ஒரே உட்காரலில் பிரியுங்கள்

மதுரைப் பக்கம் இதற்குச் சித்திரைத் திருவிழாவே நல்ல உதாரணம். அழகர் ஆற்றில் இறங்கியது 2024-இல் ஏப்ரல் 23, 2025-இல் மே 12. திருவிழாத் தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும்; வீட்டு வரிக்கான தேதி மாறாது. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எதுவானாலும் முதல் அரையாண்டு வரியை ஏப்ரல் 30-க்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. இரண்டாம் அரையாண்டுக்கு அக்டோபர் 31. விருந்தாள் எல்லாம் கிளம்பிய பிறகு மே மாதத்தில் ஒரு வீட்டுப் பட்டியலில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: வீட்டு வரி, கரண்ட் பில், இரண்டு ஞாயிறு மார்க்கெட், இரண்டு வெள்ளி வீடு கழுவல், டிரம், தொட்டி, வத்தல், மெத்தை உறை. பார்த்தால் பத்து வேலை.

மார்க்கெட் இரண்டும் வீடு கழுவல் இரண்டும் முறை, நான்கையும் அடியுங்கள். கரண்ட் பில் கடன். கணக்கெடுத்து 14 நாள் ஆகியிருந்தால் இன்னும் 6 நாள் இருக்கிறது, இன்றே கட்டுங்கள். வரியும் கடன். அரையாண்டு வரி 1,200 ரூபாய் என்றால் தவறிப்போன ஊக்கத்தொகை 60 ரூபாய், அது போனதுதான். வரிக்கு அடுத்த சம்பள வாரத்தில் ஒரு நாள் குறித்துவிட்டு, அக்டோபர் முதல் வாரத்தில் “இரண்டாம் அரையாண்டு வரி” என்றும் இப்போதே எழுதுங்கள். டிரம் இன்றே. வத்தலுக்கு வெயில் இன்னும் இருக்கிறது. வரும் வாரத்தில் ஒரு நாள் கிடைத்தால் போடலாம், கிடைக்காவிட்டால் அடுத்த பங்குனி. தொட்டி மூடியைத் திருப்பித் தேதி பாருங்கள். மூன்று மாதம் ஆகவில்லை என்றால் அது தவறிய வேலையே இல்லை. மெத்தை உறை இந்த வாரத்தில் வெயில் அடிக்கும் ஒரு காலை.

பத்தில் இன்று செய்ய வேண்டியவை இரண்டு. வரி, வத்தல், மெத்தை உறை மூன்றுக்கும் நாள் இருக்கிறது. பிரித்த பிறகு பழைய தாளைக் கிழித்துவிட்டு மிச்சத்தைப் புதுத் தாளில் எழுதுங்கள். “போன மாதமே செய்ய வேண்டியது” என்ற குறிப்பு அதில் வர வேண்டாம். வாரம் ஒரு நாள், வீட்டில் இரண்டு பேராவது சேர்ந்து இருக்கும் நேரத்தில் இப்படிப் பிரித்துவிட்டால், அடுத்த திருவிழாவுக்குப் பிறகும் பட்டியல் ஒரு தாளைத் தாண்டாது.